சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு வாரமாகச் சமையலறை சிங்க்குக்குக் கீழே ஈரம். கழிவுநீர்க் குழாயில் புட்டி மாதிரி இருக்கும் பாட்டில் ட்ராப்பின் அடியில் துளி தொங்கியதால் அதன் அடி மூடியைத்தான் இரண்டு முறை கழற்றி இறுக்கினேன். வீண் வேலை.

இன்று எல்லாவற்றையும் காயத் துடைத்துவிட்டு, சிங்க் ஓட்டையை அடைத்துப் பாதி வரை தண்ணீர் நிரப்பினேன். பத்து நிமிடமாகியும் கீழே ஈரமில்லை. அப்படியென்றால் சிங்க்கும் அதன் ஓட்டையில் பொருத்தியிருக்கும் வேஸ்ட் கப்ளிங்கும் சேருமிடம் சரி; அங்கே பழுதிருந்தால் அடைத்திருக்கும்போதே கசியும். அப்புறம் அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக விட்டேன். குழாயைச் சும்மா திறந்தால் இந்த வேகம் வராது, சின்னக் கசிவு தெரியாது. டிஷ்யூ பேப்பரை மேலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். கப்ளிங்கையும் ட்ராப்பையும் இணைக்கும் நட்டிலேயே நனைந்துவிட்டது. அங்கிருந்து ட்ராப்பின் மேலாக வழிந்து அடியில் சொட்டியிருக்கிறது!

கழற்றினால் ரப்பர் வாஷர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. புது வாஷர் போட்டுக் கையாலேயே இறுக்கினேன்; ஸ்பானர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட் விரிசல் விடும். மறுபடி நிரப்பி விட்டேன், பேப்பர் நனையவில்லை.

அம்மா மட்டும் இன்னும் சிங்க்குக்குக் கீழே வைத்த வாளியை எடுக்க விடவில்லை.