118 பக்கங்களில் இல்லாத ‘அதனால்’

தயாரிப்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், வேறொருவர் எழுதிய 118 பக்கத் திரைக்கதையை என்னிடம் கொடுத்து, மூன்று நாளில் கவரேஜ் எழுதித் தரச் சொன்னார்கள். கவரேஜ் என்பது விமர்சனம் அல்ல. முழுத் திரைக்கதையையும் படிக்க நேரமில்லாத தயாரிப்பாளர், அதை மேற்கொண்டு பரிசீலிக்கலாமா என்று முடிவெடுப்பதற்கான சில பக்க அறிக்கை. முகப்பில் தலைப்பு, வகை, பக்க எண்ணிக்கை, ஓரிரு வரியில் கதையின் சாரத்தைச் சொல்லும் லாக்லைன். அடுத்து, முடிவைக்கூட மறைக்காத கதைச்சுருக்கம். பிறகு மதிப்பீடு, கடைசியில் பரிந்துரை.

கதை எனக்குப் பிடித்திருந்தது. நீதிமன்றப் பதிவறையின் இரவுக் காவலர், தன் அண்ணனைச் சிறைக்கு அனுப்பிய பழைய வழக்குக் கட்டைப் புரட்டுகிறார். அதில் நான்கு தாள்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. கிழித்தவர் யார் என்று தேடத் தொடங்குகிறார்.

முதல் முறை பேனா எடுக்காமல் ஒரே மூச்சில் படித்தேன். இரண்டாம் முறை குறிப்பெடுத்தேன். கதைச்சுருக்கம் ஒன்றரைப் பக்கத்தில் தங்குதடையின்றி வந்தது. மதிப்பீட்டில், ‘நடுப்பகுதி தொய்வாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். கதைப் பிரிவின் பொறுப்பாளர் அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

“நடுப்பகுதி தொய்வு என்கிறீர்கள். உங்கள் சுருக்கத்தில் அந்தப் பகுதி விறுவிறுப்பாகப் போகிறதே! இரண்டில் எதை நான் நம்புவது?”

பதில் தெரியவில்லை. இருக்கைக்குத் திரும்பி, சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது திரைக்கதையில் வரும் பக்க எண்ணை எழுதினேன். அப்போதுதான் பிடிபட்டது. ‘நீதிமன்ற எழுத்தர் மிரட்டியதால் காவலர் ஊரைவிட்டுப் போக முடிவு செய்கிறார்’ என்று எழுதியிருந்தேன். மிரட்டல் வருவது 58-ஆம் பக்கத்தில். பதிவறையைச் சும்மா எட்டிப் பார்க்கும் எவரையும் விரட்டுவதுபோல் எழுத்தர் அதட்டுகிறார், அவ்வளவுதான். காவலர் ஊரைவிட்டுப் போவது 66-இல். நடுவில் அவர் ஒரு திருமணத்துக்குப் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மிரட்டலைப் பற்றி ஒரு சொல் இல்லை, முகத்தில் ஒரு மாற்றம் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டது எழுத்தாளர் அல்ல, நான். சுருக்கத்தில் ஐந்து இடங்களில் ‘அதனால்’ என்ற பொருள்பட எழுதியிருந்தேன். அவற்றில் மூன்று என் கைச்சரக்கு.

கதையைச் சுருக்கும்போது மனம் தானாகவே காரணங்களை நிரப்பிவிடுகிறது. நல்ல நடையில் எழுத வேண்டும் என்ற ஆசை அதற்குத் துணைபோகிறது. ஆனால் திரைக்கதையின் ஓட்டையை நான் அடைத்துக் கொடுத்தால், தயாரிப்பாளர் கையில் இல்லாத ஒரு கதையைப் பற்றி முடிவெடுப்பார். அந்த மூன்றையும் நீக்கினேன். சுருக்கம் ‘பிறகு, பிறகு’ என்று நொண்டியது. திரைக்கதையும் அங்கே அப்படித்தான் நொண்டுகிறது.

அடுத்து, தொய்வுக்கு மூலம் எது என்று தேடினேன். அது 31-ஆம் பக்கத்திலேயே இருந்தது. எழுத்தர் அந்தத் தாள்களை எரிப்பதை எழுத்தாளர் அங்கே நமக்குக் காட்டிவிடுகிறார். காவலருக்கு அது தெரியவருவது 84-இல். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்குப்படி, ஐம்பது நிமிடத்துக்கு மேல் நமக்குத் தெரிந்ததையே அவர் தேடிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிவது தவறல்ல. நாயகனுக்கு ஆபத்து நெருங்கினால் அதுவே பதைப்பாக மாறும். இங்கே, காவலர் தேடுவது எழுத்தருக்கு 84-ஆம் பக்கம் வரை தெரியாது. எனவே யார் என்ற ஆவலும் இல்லை, என்ன ஆகுமோ என்ற பயமும் இல்லை. ‘தொய்வு’ என்ற ஒற்றைச் சொல்லை அடித்துவிட்டு, இதை ஒரு பத்தியாக எழுதினேன்.

அந்த வேகத்தில், கதையை எப்படி மாற்றலாம் என்று இன்னொரு பத்தியும் எழுதியிருந்தேன். பொறுப்பாளர் அதை முழுவதும் நீக்கச் சொன்னார். கோளாறு எங்கே, ஏன் என்பதோடும், அதைச் சரிசெய்யக் காட்சி மாற்றம் போதுமா, அடித்தளத்தையே மாற்ற வேண்டுமா என்பதோடும் நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். முதலில் மனம் ஒப்பவில்லை. இப்போது அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். என் கதையைப் படிக்க யாரும் கேட்கவில்லை.

பரிந்துரையில் மூன்று நிலைகள்: பாஸ், கன்சிடர், ரெகமெண்ட். நம் காதுக்குத் தேர்ச்சி என்று ஒலிக்கும் ‘பாஸ்’தான் இங்கே நிராகரிப்பு. திரைக்கதைக்கும் எழுத்தாளருக்கும் தனித்தனியே இதைக் குறிக்க வேண்டும். திரைக்கதைக்குப் பாஸ் என்று எழுதக் கை தயங்கியது; ஆனாலும் எழுதினேன். எழுத்தாளருக்குக் கன்சிடர் போட்டு, 40-ஆம் பக்கத்துச் சிறைக் காட்சியைக் காரணமாகக் காட்டினேன். தம்பி வழக்கைப் பற்றிக் கேட்கக் கேட்க, அண்ணன் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டாயா என்று மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கும் காட்சி அது. தம்பியை இதில் இழுக்கக் கூடாது என்ற அவருடைய தவிப்பு, சொல்லாமலே புரிகிறது.

திருத்திய அறிக்கையில் கதைச்சுருக்கம் அரைப் பக்கம் குறைந்திருந்தது. பொறுப்பாளர் படித்து முடித்து, சைக்கிள் வரியின் கீழே கோடிட்டு, இந்த எழுத்தாளரிடம் வேறு திரைக்கதை இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார்.