12 சதவீத இன்க்ரிமென்ட்டில் சம்பளம் குறைந்த கதை

2024 ஜூலை 31, சாயங்காலம் வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது. 43,942 ரூபாய். அதற்கு முந்தைய மாதம் வரை எனக்கு வந்துகொண்டிருந்தது 53,086. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், 12 சதவீத இன்க்ரிமென்ட் கிடைத்தது.

அந்த மாதம் எண்பதாயிரத்தைத் தாண்டி வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். கணக்கும் நேர்க்கணக்குதான். சி.டி.சி., அதாவது எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, மாதம் 60,000, அதில் 12 சதவீதம் 7,200, மூன்று மாத அரியர் 21,600. இன்க்ரிமென்ட் லெட்டரை முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டால் இப்படித்தான் கணக்குப் போட வரும். சூட்சுமம் இரண்டாவது பக்கத்தில், சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் அனெக்ஷரில் இருந்தது.

அப்ரைசல் பேச்சு, ரேட்டிங் எல்லாம் மே மாதமே சிக்கலில்லாமல் முடிந்துவிட்டது. மேனேஜர் வாய்வழியாக "பன்னிரண்டு பர்சென்ட், ஏப்ரல்ல இருந்து" என்று சொன்னார். லெட்டர் ஜூலை 8 அன்றுதான் போர்ட்டலில் வந்தது. பஸ்ஸில் நின்றபடி மொபைலில் திறந்தேன். திருத்தப்பட்ட ஆண்டுச் சம்பளம் 8,06,400 ரூபாய் என்று தடித்த எழுத்தில் இருந்தது. கீழே 'அக்செப்ட்' பொத்தான். அமுக்கிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். அதன் பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் பதில், "நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்" என்றே ஆரம்பித்தது. ஏற்க பெரும்பாலும் சில நாட்கள் அவகாசம் தருகிறார்கள். எனக்கு ஏழு நாள் இருந்தது, நான் எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடம்.

இரவு வீட்டில் நிதானமாகப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது தேதி. நடைமுறைக்கு வரும் நாள் ஜூலை 1 என்று இருந்தது. ஏப்ரல் என்றல்லவா சொன்னார்கள்? மூன்று மாத அரியர் போயிற்றே என்று கோபத்தில் மெயில் அடித்தேன். இதற்காவது ஒரு ஆதாரம் கையில் இருந்தது. மே மாதம் மேனேஜர் சொன்னதும், "நாம் பேசியபடி 12 சதவீதம், ஏப்ரல் 1 முதல், நன்றி" என்று அவருக்கு ஒரு வரி மெயில் போட்டு, அவரிடமிருந்து "ஆம்" என்ற பதிலையும் வாங்கி வைத்திருந்தேன். அதை இணைத்து அனுப்பியதும் ஹெச்.ஆர். மறுபேச்சு பேசவில்லை. ஜூலை 16 அன்று ஏப்ரல் 1 தேதியோடு புது லெட்டர் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஜெயிப்புதான் என்னை 43,942-க்குக் கொண்டுவந்து விட்டது.

சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தால் அரியர் பகுதியில் பேசிக்குக்கு 28,800 கூட்டியிருந்தது, வீட்டு வாடகைப் படிக்கு 14,400 கூட்டியிருந்தது. ஸ்பெஷல் அலவன்ஸில் 46,602 கழித்திருந்தது. பி.எஃப். அரியர் என்று இன்னொரு 3,456 பிடித்தம். நிகரமாக மைனஸ் 6,858. அரியர் என்ற பெயரில் பணத்தைத் திருப்பி எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகுதான் இன்க்ரிமென்ட்டுக்கு முந்தைய லெட்டரின் அனெக்ஷரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தேன். ஜூலை 8 அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

பழைய அமைப்பில் என் மாத சி.டி.சி. 60,000 முழுவதும் நிலையான சம்பளம். பேசிக் 40 சதவீதம், அதாவது 24,000. புதிய அமைப்பில் மாதத்துக்கு 67,200. ஆனால் அதில் பத்து சதவீதத்தை 'வேரியபிள் பே', அதாவது இலக்கை வைத்து அளந்து காலாண்டுக்கு ஒருமுறை தரும் தொகை என்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அது 6,720 ரூபாய். எனக்குக் கூடியதே 7,200தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆக, மாதாமாதம் நிச்சயமாகக் கூடியது வெறும் 480 ரூபாய்.

அதோடு நிற்கவில்லை. பேசிக்கை 50 சதவீதமாக்கி 33,600 என்று வைத்திருந்தார்கள். "பேசிக் எவ்வளவு கூடியிருக்கு பாருங்க சார்" என்று பின்னால் ஹெச்.ஆரில் பெருமையாகச் சொன்னார்கள். பேசிக் கூடினால் பி.எஃப். கூடும். என் பங்கு 12 சதவீதம் 2,880-லிருந்து 4,032 ஆனது. கம்பெனி பங்கும் அதே அளவு கூடியது. கம்பெனி பங்கையும் சி.டி.சி.க்குள்தானே எழுதுகிறார்கள், அதனால் இரண்டும் என் 67,200-க்குள்ளிருந்தே போகின்றன. இரண்டும் சேர்த்து மாதம் 2,304 கூடுதல். கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம் காட்டுவார்கள். ஒரு வருடச் சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற சட்டக் கணக்கிலிருந்து வரும் எண் அது. அதிலும் 462 கூடியிருந்தது. அந்தப் பணம் ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும், எனக்கு அப்போது மூன்றாவது வருடம்.

480 கூடியது. அதிலிருந்து 2,304-ஐயும் 462-ஐயும் கழித்தால் மைனஸ் 2,286. கையில் வருவது 53,086-லிருந்து 50,800 ஆகிவிட்டது. தொழில் வரியை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன், வருமான வரி எனக்கு வரவில்லை. ஜூலை 1 என்ற தேதி அப்படியே இருந்திருந்தால் இந்த 2,286 இழப்பு ஜூலையிலிருந்துதான் ஆரம்பித்திருக்கும். நான் சண்டை போட்டு ஏப்ரலுக்கு இழுத்துக்கொண்டு போனதால் மூன்று மாதத்துக்குப் பின்தேதியிட்டு 6,858 வசூல் செய்துவிட்டார்கள். பி.எஃப். என் சொந்தப் பணம்தான், அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வாடகையை பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டிக் கொடுக்க முடியாது.

புகார் டிக்கெட் போட்டேன். "கொள்கைப்படி சரியாக உள்ளது" என்று நாற்பது நிமிடத்தில் மூடிவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடி மூடினார்கள். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று அரை நாள் லீவு போட்டு அம்பத்தூரிலிருந்து சிறுசேரியில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. வரவேற்பில் இருந்த அம்மா, "பே ரோல் டீம் இங்க இல்ல சார், அது வெளி வெண்டார். ஹெச்.ஆர். வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்துதான் வேலை" என்றார். கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். திரும்பி வரும்போது ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் முழு நாளும் போனது.

போனில் பிடித்த ஹெச்.ஆர். பெண்மணி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை, அவரிடம் இருந்தது சி.டி.சி. என்ற ஒரே எண்தான். "சார், ஏழு லட்சத்து இருபதாயிரம் இருந்தது எட்டு லட்சத்து ஆறாயிரம் ஆயிருக்கு. எப்படி சார் குறைஞ்சிருக்கும்?" என்று உண்மையாகவே குழம்பினார். வாயால் விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கடைசியில் வேலை செய்தது ஒரு பக்க அட்டவணை. இடது பக்கம் பழைய அனெக்ஷர், வலது பக்கம் புதியது, நடுவில் வித்தியாசம், அடியில் கையில் வரும் தொகை. அதை மேனேஜருக்கும் ஹெச்.ஆர். தலைவருக்கும் சேர்த்து அனுப்பினேன். புலம்பவில்லை, "அநியாயம்" போன்ற வார்த்தை எதுவும் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தேன்: லெட்டர் வந்ததே ஜூலையில். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு எனக்கு எந்த இலக்கும் தரப்படவில்லை. இலக்கே இல்லாத காலாண்டுக்கு வேரியபிளை எதை வைத்து அளப்பீர்கள்?

இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. வேரியபிளை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் நிச்சயம் மறுத்திருப்பார்கள், அது கம்பெனி முழுவதற்கும் அந்த வருடம் வந்த மாற்றம். பி.எஃப்.பை 15,000 உச்சவரம்புக்கு 1,800 ரூபாயாகக் குறைக்கவும் கேட்டுப் பார்த்தேன், சேர்ந்தபோது தேர்ந்தெடுத்ததை நடுவில் மாற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தேதி விஷயத்தில் இறங்கி வந்தார்கள். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் மூன்றாவது லெட்டர் வந்தது. இந்த முறை அதில் இரண்டு தேதிகள். சம்பள உயர்வு ஏப்ரல் 1 முதல். புதிய அமைப்பும் வேரியபிளும் ஜூலை 1 முதல்.

அந்த ஒரு வரியால் ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய 40 சதவீத பேசிக் அமைப்பிலேயே, வேரியபிள் இல்லாமல், 67,200-க்குக் கணக்கு போட வேண்டியதாயிற்று. மாதத்துக்குக் கையில் 6,369 கூடுதல். மூன்று மாதத்துக்கு 19,107. பிடித்த 6,858-ம் திரும்பியது. ஆகஸ்ட் சம்பளம் 76,765 வந்தது. அரியர் வரி வரியாகச் சரியாக இருக்கிறதா என்று இந்த முறை சீட்டைப் பார்த்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

சக ஊழியர்கள் யாருக்கும் இது தெரியாது. லெட்டரில் சம்பள விவரத்தைப் பகிரக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, எல்லோரும் அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். கேன்டீனில் ஒருவர் மட்டும், எண் எதுவும் சொல்லாமல், "உங்களுக்கும் மைனஸ்ல அரியர் வந்துச்சா?" என்று காதோரம் கேட்டார். நானும் எண் எதுவும் சொல்லவில்லை. அட்டவணையின் வெறும் கட்டங்களை மட்டும் அனுப்பி வைத்தேன், நிரப்பிக்கொள்வது அவர் பாடு.

செப்டம்பரிலிருந்து மாதாமாதம் வருவது 50,800தான், அதில் மாற்றமில்லை. வேரியபிள் காலாண்டு முடிந்து அடுத்த மாதம் வரும். பணம் தரும் நாளில் வேலையில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்து நோட்டீஸில் இருப்பவருக்குக் கிடையாது என்று அனெக்ஷரின் கடைசி வரியில், எல்லாவற்றையும் விடச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அக்டோபரில் முதல் தவணை வந்தது. 20,160-க்கு 85 சதவீதம், 17,136 ரூபாய். மீதி 15 சதவீதம் ஏன் போனது என்று டிக்கெட் போட்டிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை மூடியிருக்கிறார்கள்.