அடுப்படிச் சேனலுக்கு வருமான வரிக் கணக்கு போட்ட கதை

காரைக்குடியில் என் வீட்டு அடுப்படியிலிருந்துதான் சமையல் சேனல் நடத்துகிறேன். முதல் சில வருடங்கள் வந்த பணம் பால் கணக்குக்கே சரியாக இருந்தது, வரியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2024-25 நிதியாண்டில் திடீரென்று வளர்ந்துவிட்டது. விளம்பர வருமானம் ஒரு பக்கம், ஸ்பான்சர் வீடியோக்கள் ஒரு பக்கம். அந்த வருடக் கணக்கை நானே போட்டு முடித்துவிடலாம் என்று பாஸ்புக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் முறை எளிமையானது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கணக்கில் ஏறிய தொகையையெல்லாம் கூட்டினேன். யூடியூபிலிருந்து ₹6,60,000, ஸ்பான்சர்களிடமிருந்து ₹3,56,800, ஆக மொத்தம் ₹10,16,800. இதில் செலவைக் கழித்தால் லாபம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஊரில் உள்ள ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது உங்க பேங்குக்கு வந்த பணம்மா. உங்க வருமானம் எங்கே?" என்றார்.

உண்மையான வரவு ₹11,84,000 என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. நடுவில் காணாமல் போன ₹1,67,200 எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் நான் கற்றுக்கொண்டதில் பாதி.

முதலில் யூடியூப். ஒரு மாதத்து விளம்பர வருமானம் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்கு மேல்தான் வங்கிக்கு வருகிறது. அதாவது 2024 ஏப்ரலில் எனக்கு வந்தது மார்ச் மாதத்து உழைப்பு, முந்தைய நிதியாண்டுக்குச் சேர வேண்டியது. 2025 மார்ச்சில் சம்பாதித்தது ஏப்ரலில்தான் வந்தது. பணம் வந்த தேதியை விட்டுவிட்டு, யூடியூபுக்குச் சம்பாதித்த மாதத்தையும் ஸ்பான்சருக்குப் பில் போட்ட தேதியையும் வைத்துக் கணக்கு எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆகவே மே 2024 முதல் ஏப்ரல் 2025 வரை வந்த பன்னிரண்டு வரவுகளை எடுத்தோம். சேனல் வளர்ந்துகொண்டிருந்ததால் இந்த ஒரு மாத நகர்வே ₹24,000 கூட்டிவிட்டது. ஸ்பான்சர் பணத்துக்கு ஒரு முறை, யூடியூப் பணத்துக்கு வேறு முறை என்று வைத்துக்கொள்ளக் கூடாது, எதை எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் அதே முறைதான்.

அடுத்தது அமெரிக்க வரி. என் சமையலைப் பார்ப்பவர்களில் கணிசமானவர்கள் அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள். அங்கிருந்து பார்ப்பவர்களால் வரும் விளம்பர வருமானத்துக்கு அமெரிக்க வரியைப் பிடித்துக்கொண்டுதான் கூகுள் பணம் அனுப்புகிறது. விளம்பரப் பணத்துக்கான கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் W-8BEN என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பி, இந்திய-அமெரிக்க ஒப்பந்தச் சலுகையைக் கேட்டிருந்தால் 15 சதவீதம். சலுகையைக் கேட்காமல் விட்டால் 30. வரி விவரமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகும். நல்லவேளை, நான் நிரப்பியிருந்தேன். ஆட்சென்ஸின் பணப் பரிவர்த்தனைப் பக்கத்தில் மாதாமாதம் அந்தப் பிடித்தம் தனி வரிசையாகவே இருக்கிறது. பார்க்காதது என் தவறு. அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது ₹1,20,000, பிடித்தது ₹18,000. நம் ஊர்க் கணக்கில் பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகைதான் வருமானம். ஆக யூடியூப் வரவு ₹7,02,000.

ஸ்பான்சர் பக்கம் இன்னும் குழப்பம். ஐந்து பில், மொத்தம் ₹4,50,000. நான்கு நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடித்தன. அது ₹35,000. ஓர் ஏஜென்சி மட்டும் விளம்பர ஒப்பந்தம் என்று சொல்லி ஒரு லட்ச ரூபாய்க்கு 1 சதவீதம், ₹1,000, பிடித்தது. மார்ச் கடைசியில் போட்ட ₹60,000 பில்லுக்கான பணம் ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் அதற்கான டிடிஎஸ், வரித் துறை வைத்திருக்கும் 26ஏஎஸ் என்ற பிடித்தப் பட்டியலில் அந்த நிதியாண்டிலேயே ஏறியிருந்தது. வரிப் பிடித்தத்தை எடுத்துக்கொண்டு வருமானத்தைக் காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும் என்றார் ஆடிட்டர். அதையும் சேர்த்தோம்.

அப்புறம் ஓவன். ஒரு நிறுவனம் வீடியோவுக்காக ₹32,000 பெறுமான ஓவன் அனுப்பி, "நீங்களே வச்சுக்குங்க" என்றது. பரிசுதானே என்று சந்தோஷப்பட்டேன். வருடத்துக்கு ₹20,000-க்கு மேல் இப்படிப் பொருளாகக் கொடுத்தால் 194ஆர் பிரிவின் கீழ் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலையிலேயே சட்டம் வந்துவிட்டது. வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் இது பொருந்தாது. அவர்கள் ₹3,200-ஐ என் கட்டணத்திலேயே கழித்துக்கொண்டார்கள். ₹32,000 என் வருமானத்தில் ஏறியது. அதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இனி செலவு. இங்கேதான் ஆடிட்டரோடு நிஜமான சண்டை. மளிகைக்கு ₹96,000 என்று எழுதியிருந்தேன். "சமைச்சு முடிச்சதும் சாப்பிட்டது யாரும்மா?" என்றார். நாங்கள்தான். வீட்டுச் சாப்பாட்டைத் தொழில் செலவாக எழுத முடியாது. கடைசியில், படப்பிடிப்புக்கென்று தனிப் பில் போட்டு வாங்கியது, இரண்டு மூன்று தடவை சோதித்துக் கெட்டுப்போனது என்று காட்ட முடிந்த ₹54,000 மட்டும் நின்றது. இப்போதெல்லாம் கடையில் இரண்டு பில் கேட்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

எடிட்டர் தம்பிக்கு மாதம் ₹12,000 வீதம் ₹1,44,000. பாட்டு, எடிட்டிங் மென்பொருள் சந்தாக்கள் ₹18,000. இன்டர்நெட் பில்லில் முக்கால் பங்கு ₹9,000. ஸ்பான்சர் படப்பிடிப்புக்குச் சென்னை போய்வந்தது ₹9,000. மளிகையோடு சேர்த்து ₹2,34,000.

கேமராவையும் லேப்டாப்பையும் முழுசாகக் கழித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ₹1,70,000 ஆயிற்றே. அப்படி முடியாது. பல வருடம் உழைக்கும் பொருளுக்குத் தேய்மானம் மட்டும்தான். ஜூனில் வாங்கிய ₹80,000 லேப்டாப்புக்கு 40 சதவீதம், ₹32,000. கேமராவுக்கு 15 சதவீதம். ஆனால் தீபாவளி ஆஃபர் முடிந்த பிறகு நவம்பரில் வாங்கியதால், அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவான பயன்பாடு. விகிதம் பாதியாகி ₹90,000-க்கு ₹6,750 மட்டும். செப்டம்பரிலேயே வாங்கியிருந்தால் இரட்டிப்பாகியிருக்கும். மீதி மதிப்பு அடுத்தடுத்த வருடங்களில் கழியும், எங்கும் போய்விடாது. ஓவனில் ஆறுதல் என்றேனே, அது இங்கேதான். வருமானமாகக் காட்டிய ₹32,000-ஐ வாங்கிய விலையாகவே வைத்துக்கொண்டு தேய்மானம் போடலாம். ஆகஸ்டில் வந்ததால் முழு 15 சதவீதம், ₹4,800. ஆகத் தேய்மானம் ₹43,550.

வரவு ₹11,84,000. செலவும் தேய்மானமும் ₹2,77,550. லாபம் ₹9,06,450. சேமிப்புக் கணக்கு வட்டி ₹3,550-ஐச் சேர்த்தால் மொத்த வருமானம் ₹9,10,000.

இந்த இடத்தில் ஒரு தோழி போன் செய்து, "பாதியை லாபம்னு காட்டிட்டா வரியே வராதுடி" என்றாள். சில தொழில்களுக்கு வரவில் பாதியையே லாபமாகக் காட்ட விடும் 44ஏடிஏ பிரிவைச் சொல்கிறாள். வரவில் பாதி ₹5,92,000, அந்த வருடம் ஏழு லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். வருமான வரிப் படிவமான ஐடிஆரிலும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு 16021 என்ற குறியீடு வந்துவிட்டது. அந்த வழியில் போகும் ஆடிட்டர்கள் உண்டு. எங்கள் ஆடிட்டர் ஒப்பவில்லை. சட்டத்தில் உள்ள தொழில் பட்டியலில் இது பெயர் சொல்லி இல்லை, உண்மையான லாபம் முக்கால் பங்குக்கு மேல் என்று கையில் கணக்கு இருக்கும்போது பாதி என்று எழுதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எனக்குக் கொஞ்சம் கடுப்புத்தான். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணமும் இருந்ததால், வருமானம் குறைவாகத் தெரிவதும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புதிய வரி முறையில் 2024-25-க்கு மூன்று லட்சம் வரை இல்லை. மூன்றிலிருந்து ஏழு வரை 5 சதவீதம், ₹20,000. மீதி ₹2,10,000-க்கு 10 சதவீதம், ₹21,000. செஸ் 4 சதவீதம் சேர்த்து ₹42,640. ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ் ₹39,200. பாக்கி ₹3,440.

அமெரிக்காவில் பிடித்த ₹18,000-ஐக் கழித்தால் பதினான்காயிரத்துச் சொச்சம் திரும்பி வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அது நடக்கவில்லை. வெளிநாட்டில் கட்டிய வரியில், அதே வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருகிறதோ அதுவரைதான் கழிக்கலாம். என் சராசரி வரி 4.69 சதவீதம். அமெரிக்கப் பங்கான ₹1,20,000-இலிருந்து அதன் விகிதச் செலவைக் கழித்தால் சுமார் ₹91,870. அதற்கு இங்கே வரி ₹4,305. அவ்வளவுதான் கழிவு. மீதி ₹13,695 திரும்பாது, அடுத்த வருடத்துக்கும் எடுத்துப்போக முடியாது.

அந்த ₹4,305-க்கும் படிவம் 67-ஐ ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. கூகுள் தரும் 1042-S சான்று ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, நம் வருடத்தோடு ஒட்டாது. அதனால் மாதவாரியான ஆட்சென்ஸ் அறிக்கைகளைச் சேர்த்து இணைத்தோம். டாலரை ரூபாயாக்க, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி டாலரை வாங்கும் விலை. பிறகு ஐடிஆர்-3. வெளிநாட்டு வரிக் கழிவு கேட்பவர்களுக்குச் சின்னப் படிவமான ஐடிஆர்-4 கிடையாது. டிடிஎஸ்ஸும் கழிவும் போக ₹865 எனக்கே வர வேண்டியதாயிற்று, பத்தின் மடங்காக்கி ₹870.

ஜிஎஸ்டி பதிவு அந்த வருடம் தேவைப்படவில்லை, வரம்பு இருபது லட்சம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்சென்ஸ் பணமும் அந்த இருபது லட்சத்தில் சேரும் என்று ஆடிட்டர் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொடுத்தார்.

2025-26-இல் வரி விகிதம் மாறி, பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை. இதே வருமானம் இருந்தால் எனக்கு வரி பூஜ்யம், டிடிஎஸ் முழுவதும் திரும்பும். "அப்போ அந்தப் பதினெட்டாயிரம் சார்?" என்றேன். இங்கே வரியே இல்லை என்றால் கழிக்கவும் ஒன்றும் இல்லை, ஒரு ரூபாய்கூட வராது என்றார்.