38ஆ, 32ஆ? ஒரு பதிவையும் ஒரு பாடத்தையும் ஒத்துப் பார்த்த மூன்று இரவுகள்

ஆறாம் படிவத்தில் உயிரியல் எடுத்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் டியூஷன். எங்கள் டீச்சர் பாடத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடத்துவார், பிடிபடாத இடம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். எழுதிக்கொண்டே கேட்டால் அந்தத் தமிழ் விளக்கம்தான் முதலில் தவறிப்போகும். அதனால் அவரிடம் அனுமதி கேட்டு, உயிரணு சுவாசம் பாடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். மொத்தம் 94 நிமிடம். புத்தகத்தில் அதே பாடம் 22 பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டீச்சர் எங்கே மாறிச் சொன்னார், எங்கே புதிதாகச் சேர்த்தார் என்று புத்தக ஓரத்திலேயே குறித்து வைக்க நினைத்தேன். மாறிச் சொன்னதற்குச் சிவப்பு, புதிதாகச் சேர்த்ததற்குப் பச்சை.

முதல் இரவு வீணானது. ஒரு வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, எழுதுவது, மறுபடி ஓட்டுவது என்று போய், இரண்டு மணி நேரத்தில் 18 நிமிடம்தான் தாண்டியிருந்தேன். எழுதியதில் பெரும்பகுதி புத்தகத்தில் ஏற்கெனவே அச்சில் இருந்தது.

மறுநாள் வரிசையை மாற்றினேன். முதலில் பதிவைத் தொடாமல் பாடத்தை மட்டும் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் பென்சிலால் எண் போட்டேன். 61 பத்திகள். அப்புறம் பதிவை நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒரு தாளில் நிமிடத்தையும் பத்தி எண்ணையும் மட்டும் எழுதினேன். “12:40, பத்தி 9”, “15:05, பத்தி 14” என்று. டீச்சர் புத்தக வரிசையில் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நொதித்தலைப் புத்தகம் கடைசியில் வைத்திருக்கிறது, அவர் அதை நடுவிலேயே தொட்டுவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். இந்த ஒரு தாள் இல்லாவிட்டால், விட்டுவிட்டார் என்று நினைத்திருக்கக்கூடிய பத்திகள் ஏழெட்டு இருக்கும்.

இன்னொரு தடை, “இது இங்கேயிருந்து இப்படிப் போகுது பாருங்க” என்பது மாதிரியான வாக்கியங்கள். ஒலிப்பதிவில் வெண்பலகை தெரியாதே. என் தோழி பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தாள், படங்களில் நேரமும் இருந்தது. ஆனால் என் பதிவுக்குக் கைப்பேசி காட்டிய நேரம் இரவு 9:39. அவள் படங்கள் எல்லாம் அதற்கு முன்பே எடுத்தவை! கொஞ்ச நேரம் குழம்பிய பிறகுதான் புரிந்தது, 9:39 என்பது பதிவு முடிந்து சேமிக்கப்பட்ட நேரம். அதிலிருந்து 94 நிமிடத்தைக் கழித்தால் தொடக்கம் 8:05. ஆக 8:46க்கு எடுத்த படம் பதிவின் 41ஆவது நிமிடத்துக்கு உரியது. இப்படி ஒவ்வொரு படத்தின் மேலும் நிமிடத்தை எழுதிக்கொண்டேன்.

அந்த 41ஆவது நிமிடத்தில்தான் பெரிய வேறுபாடு இருந்தது. ஒரு குளுக்கோஸ் முழுதாகச் சிதைந்தால், உயிரணு ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபி எத்தனை கிடைக்கும்? என் கையில் இருப்பது அக்காவின் பழைய புத்தகம். அதன் அட்டவணை 38 என்கிறது, கீழே சின்ன எழுத்தில் “சில உயிரணுக்களில் 36” என்று ஒரு குறிப்பும் உண்டு. டீச்சர் சொன்னது, “30, 32னு போட்டுக்கோங்க.” ஓரத்தில் சிவப்பில் “டீச்சர்: 30/32” என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு எண்கள் இருந்தது உறுத்தியது. எந்த எண்ணுக்கு எது எதிர்?

அட்டவணையை மறுபடி கூட்டிப் பார்த்தேன். குளுக்கோஸை உடைக்கும் முதல் படியான கிளைகாலிசிஸில் நிகரமாக 2 ஏடிபி, பிறகு வரும் கிரெப்ஸ் சுழற்சியில் 2, நேரடியாகக் கிடைப்பது இந்த 4. அதோடு எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2. இதுவரை புத்தகமும் டீச்சரும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் பிரிகிறார்கள். புத்தகம் ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஎச்2வுக்கு 2 என்று பெருக்குகிறது. 30 + 4 + 4 = 38. டீச்சர் 2.5, 1.5 என்று பெருக்குகிறார். 25 + 3 + 4 = 32.

அந்த 2.5 எங்கிருந்து வந்தது என்பது புத்தகத்தில் இல்லை, பதிவில் இருந்தது. ஒரு என்ஏடிஎச் கொடுக்கும் எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் எலெக்ட்ரான் சங்கிலியைக் கடக்கும்போது 10 புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. ஒரு ஏடிபிக்கு 4 புரோட்டான்கள் திரும்பி வர வேண்டும். அந்த நான்கில் ஏறத்தாழ மூன்று புரோட்டான்கள் ஏடிபியைச் செய்யும் என்சைமைச் சுழற்ற, இன்னொன்று அதற்குத் தேவையான பாஸ்பேட் போன்றவற்றை உள்ளே கொண்டுவர. 10ஐ 4ஆல் வகுத்தால் 2.5. எஃப்ஏடிஎச்2 சங்கிலியில் பின்னால் வந்து சேருவதால் முதல் பம்பு அதற்குக் கிடையாது, 6 புரோட்டான்தான் தள்ளப்படும். 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5. “முழு எண்ணா வரணும்னு கட்டாயம் இல்லம்மா, இது தொட்டியில தண்ணி ஏத்தி இறக்குற மாதிரி” என்று டீச்சர் சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. இந்தத் தொட்டி உவமையைப் பச்சையில் குறித்தேன்.

சரி, 38க்கு எதிர் 32. அப்படியானால் 36ம் 30ம்? அதற்குக் காரணம் வேறு. கிளைகாலிசிஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே நடக்கிறது. அங்கே உண்டாகும் 2 என்ஏடிஎச்சால் நேராக உள்ளே நுழைய முடியாது, எலெக்ட்ரான்களை யாராவது கை மாற்றிவிட வேண்டும். கல்லீரலிலும் இதயத்திலும் உள்ள மாலேட் வழி அவற்றை உள்ளே என்ஏடிஎச்சாகவே கொண்டு சேர்க்கிறது. எலும்புத்தசையில் முக்கியமான கிளிசரால் பாஸ்பேட் வழியில் அவை எஃப்ஏடிஎச்2வின் மதிப்புக்கு இறங்கிவிடுகின்றன. பழைய கணக்கில் ஒவ்வொன்றும் 3லிருந்து 2க்கு இறங்கும், புதிய கணக்கில் 2.5லிருந்து 1.5க்கு. எப்படிப் பார்த்தாலும் இழப்பு மொத்தம் 2. அதனால்தான் 38 அங்கே 36, 32 இங்கே 30.

ஆக, நான் ஒரே சிவப்புக் கோடாகப் போடவிருந்தது இரண்டு தனிச் செய்திகள். 38க்கும் 32க்கும் இடையில் இருப்பதுதான் டீச்சருக்கும் புத்தகத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. 32க்கும் 30க்கும் இடையில் இருப்பதைப் புத்தகமும் தன் கணக்கில் அந்தச் சின்ன எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. முதலாவதைச் சிவப்பில் எழுதினேன். இரண்டாவதற்கு, சின்ன எழுத்துக் குறிப்பிலிருந்து ஓர் அம்பு போட்டு “41:50, அதே காரணம்” என்று பென்சிலில் எழுதினேன்.

சிவப்பு போட்டுவிட்டுப் பிறகு அழித்த இடமும் ஒன்று உண்டு. 27ஆவது நிமிடத்தில் டீச்சர், எலெக்ட்ரான் சங்கிலி “வெளிச்சவ்வுல” இருக்கிறது என்கிறார். புத்தகம் உள்சவ்வு என்கிறது. ஆனால் முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேட்டால், மடிப்பு மடிப்பாக இருப்பதால் இடம் அதிகம் என்று அவரே விளக்குகிறார். மடிப்பு உள்சவ்வுக்குத்தான் உண்டு. அந்த நேரத்துப் பலகைப் படத்திலும் அம்பு உள்சவ்வைத்தான் காட்டுகிறது. வேகமாகப் பேசும்போது யாருக்கும் ஒரு சொல் மாறும். அதை வேறுபாடு என்று குறித்து வைத்தால் தேர்வு நேரத்தில் தவறாகப் படிப்பேன். அதிலிருந்து, சிவப்பு எடுக்குமுன் இரண்டு நிமிடம் முன்னே போய்க் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 62ஆவது நிமிடத்தில் வருகிறது. புத்தகம் நொதித்தலுக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கிறது. ஈஸ்ட் செய்தால் எத்தனாலும் கார்பன் டைஆக்சைடும், லாக்டிக் வகையில் லாக்டிக் அமிலம் மட்டும், வாயு கிடையாது. டீச்சர் தோசை மாவை உதாரணம் காட்டினார். நான் வகுப்பிலேயே அதை ஈஸ்ட் கட்டத்துக்கு எதிரே எழுதியிருந்தேன், தோழியும் அப்படியே. மாவு பொங்குகிறது, குமிழி வருகிறது, அப்படியென்றால் ஈஸ்ட்தானே? பதிவில் கேட்டால் டீச்சர் கேட்கிறார், “உங்க அம்மா மாவுல ஈஸ்ட் போடுறாங்களா? அப்புறம் ஏன் புளிக்குது?”

உளுந்தும் அரிசியும் அரைத்த மாவில் முக்கிய வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. அதில் லியூகோனோஸ்டாக் போன்ற சில வகைகள் குளுக்கோஸை வேறு பாதையில் உடைக்கின்றன. லாக்டிக் அமிலத்தோடு எத்தனாலும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து வரும். நிகரமாகக் கிடைப்பது 2 ஏடிபி அல்ல, 1தான். மாவில் ஈஸ்ட்டும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் மாவு புளிப்பதற்கும் பொங்குவதற்கும் பாக்டீரியாவே பெரிய காரணம். புத்தகத்தின் கட்டம் தசைக்கும், தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவுக்கும் சரி. எல்லா லாக்டிக் நொதித்தலுக்கும் சரியல்ல. டீச்சர் உதாரணம் மட்டும் சேர்க்கவில்லை, அந்த உதாரணத்தாலேயே புத்தகத்தின் கட்டத்துக்கு ஓர் எல்லை போட்டிருக்கிறார். அதனால் அந்த இடத்தில் பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. ஈஸ்ட் கட்டத்துக்கு எதிரே இருந்த என் பழைய எழுத்தை அடித்துவிட்டேன்.

டீச்சர் தொடாத பத்திகளுக்கு நீலம். கடைசியில் நீலமாக நின்றது மூன்று பத்திகள்தான், மூன்றும் சுவாச ஈவு, அதாவது வெளிவிடும் கார்பன் டைஆக்சைடுக்கும் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம், பற்றியவை. 50இலிருந்து 53ஆவது நிமிடம் வரை தகரக் கூரையில் மழை கொட்டி ஒன்றுமே கேட்கவில்லை. அங்கே எந்த நிறமும் போடாமல் “மழை” என்று எழுதி வைத்தேன். கேட்காத இடத்தை விட்டுவிட்டார் என்று கணக்குப் போடக் கூடாதில்லையா?

அடுத்த வகுப்புக்கு முன்னால் புத்தகத்தை டீச்சரிடம் காட்டி, 38 என்று எழுதுவதா 32 என்று எழுதுவதா என்று கேட்டேன். “எந்த மதிப்பை வச்சுப் பெருக்குறீங்கன்னு முதல்ல எழுதுங்க, அப்புறம் எண்ணை எழுதுங்க. 2.5, 1.5ன்னு எழுதிட்டு 38 போட்டா அதுதான் தப்பு” என்றார். சுவாச ஈவை அன்றைக்கு நடத்தப் போவதாகவும் சொன்னார். மழை விழுங்கிய மூன்று நிமிடத்தைத் தோழியின் குறிப்பிலிருந்து எடுத்து, அவள் பெயரையும் ஓரத்தில் எழுதி நிரப்பினேன்.

அன்று பதிவுப் பொத்தானை அழுத்தியதும், டீச்சர் தொடங்குமுன் மெதுவாகத் தேதியையும் மணியையும் புத்தகப் பக்க எண்ணையும் கைப்பேசியிடம் சொல்லி வைத்தேன்.