சராசரி போடும் சின்ன புரோகிராம்: முதலில் மொத்தம், அப்புறம்தான் வகுத்தல்

பொழுதுபோக்காகப் பைத்தான் பழகுகிறேன். இந்த முறை எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன வேலை: தினமும் எத்தனை பக்கம் படித்தேன் என்று ஒரு பட்டியலில் போட்டு, அதன் சராசரியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வரியில் முடிகிற வேலைதான், ஆனாலும் அந்த மூன்று வரியும் ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்று கேட்டுக்கொண்டு, வேண்டுமென்றே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

```python
pages = [12, 7, 20, 9, 15]
total = sum(pages)
count = len(pages)
average = total / count
print(average)
```

மொத்தம் 63, எண்ணிக்கை 5, விடை 12.6. `average` வரியைத் தூக்கி `total` வரிக்கு மேலே வைத்தால் `NameError` வந்து நின்றுவிடும், ஏனென்றால் பைத்தான் மேலிருந்து கீழாகத்தான் ஓடும், இன்னும் பிறக்காத பெயரை அதனால் எடுக்க முடியாது. இது நல்ல வகைத் தவறு, உடனே சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. சத்தமே போடாமல் தப்பான விடையைத் தருகிறவைதான் கவலைக்குரியவை.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவது. `12 + 7 + 20 + 9 + 15 / 5` என்று கொடுத்தால் 51.0 வருகிறது. கூட்டலை விட வகுத்தல் முந்திக்கொள்ளும், அதனால் கடைசி 15 மட்டும் 5 ஆல் வகுபட்டு 3 ஆகி, மற்ற நான்கும் அப்படியே போய்க் கூடுகின்றன. `(12 + 7 + 20 + 9 + 15) / 5` என்று அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும். மொத்தத்தைத் தனி வரியில், தனிப் பெயரில் வைத்தால் அந்தக் குறியே தேவைப்படாது, வரி பிரிவதே அடைப்புக்குறி செய்கிற வேலையைச் செய்துவிடுகிறது. அதோடு விடையில் சந்தேகம் வந்தால் `total` ஐ மட்டும் அச்சிட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் `sum` இல்லாமல் லூப் வைத்து நானே கூட்டிப் பார்த்தேன்.

```python
total = 0
for p in pages:
    total = total + p
average = total / len(pages)
```

இதில் `total = 0` லூப்புக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும். உள்ளே தள்ளினால் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் பூஜ்யமாகி, கடைசியில் 15 மட்டும் மிஞ்சுகிறது, சராசரி 3.0. வகுக்கும் வரியை உள்ளே தள்ளி, `total = 0` ஐ வெளியிலேயே விட்டால் கடைசி விடை என்னவோ சரியாகத்தான் வருகிறது, ஆனால் நடுவில் 2.4, 3.8, 7.8 என்று வருகிற எண்களுக்கு எந்தப் பொருளும் இல்லை, பாதி மொத்தத்தை முழு எண்ணிக்கையால் வகுத்தால் வேறென்ன வரும்.

51, 3 இரண்டையும் கண்ணாலேயே பிடித்துவிடலாம். சராசரி எப்போதும் பட்டியலின் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடையில்தான் விழும், இங்கே 7 முதல் 20 வரை. அதைத் தாண்டினால் எங்கோ தப்பு. ஆனால் இந்தச் சோதனையையும் ஏமாற்றுகிற ஒன்று இருக்கிறது, என்னை அதிக நேரம் உட்கார வைத்ததும் அதுதான்.

ஒவ்வொரு எண்ணையும் முதலில் 5 ஆல் வகுத்துவிட்டு, அப்புறம் கூட்டினால் என்ன? காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், கணக்கு விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் முழு எண்ணாக வகுக்கிற `//` குறியைப் போட்டுப் பாருங்கள்: 12 இலிருந்து 2, 7 இலிருந்து 1, 20 இலிருந்து 4, 9 இலிருந்து 1, 15 இலிருந்து 3. கூட்டினால் 11. மொத்தத்தை முதலில் எடுத்து `63 // 5` என்று போட்டால் 12. ஒரு பக்கம் காணாமல் போயிருக்கிறது. எங்கே போனது என்று தேடினால், ஒவ்வொரு வகுத்தலும் மீதியைத் தூக்கி எறிந்திருக்கிறது: 2, 2, 0, 4, 0. இந்த மீதிகளைச் சேர்த்தால் 8. எட்டுக்குள் இன்னொரு முழு ஐந்து ஒளிந்திருக்கிறது! தனித்தனியாகப் பார்த்தால் எந்த மீதியும் ஐந்தைத் தொடவில்லை, அதனால் எதுவும் கணக்கில் ஏறவில்லை, ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது ஏறும். மொத்தத்தை முதலில் எடுத்தால் வெட்டு ஒரே ஒரு முறைதான் விழுகிறது, அதுவும் கடைசியில். தசமத்தை நடுவில் ரவுண்ட் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

11 என்பது 7 க்கும் 20 க்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதால் முதல் சோதனையில் மாட்டாது. இதற்கு, விடையைத் திருப்பி எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 12.6 × 5 = 63, மொத்தம் திரும்பக் கிடைக்கிறது. 11 × 5 = 55, எட்டு குறைகிறது, அந்தத் தூக்கி எறிந்த எட்டேதான்.

அடுத்து இரண்டு பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டாவது பட்டியலில் `[30, 24]` என்று இரண்டு நாள்தான், மொத்தம் 54, சராசரி 27. கையில் இருக்கிற 12.6, 27 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 19.8. உண்மையான விடை 63 + 54 = 117, அதை 7 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16.7. இரண்டு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வித்தியாசம் இது. சராசரியை மட்டும் வைத்திருந்தால் எத்தனை நாள் சேர்ந்து அது வந்தது என்பது அழிந்துபோகிறது. மொத்தமும் எண்ணிக்கையும் இருந்தால் எத்தனை பட்டியலையும் சேர்க்கலாம், சராசரியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

காலிப் பட்டியலிலும் இது தெரிகிறது. `sum([])` கேட்டால் 0 என்று ஒழுங்காகப் பதில் வரும், ஒன்றும் படிக்காதவரின் மொத்தம் பூஜ்யம்தானே. ஆனால் `len([])` உம் 0, அதனால் வகுக்கிற இடத்தில் `ZeroDivisionError` வருகிறது. அங்கே சராசரி பூஜ்யம் இல்லை, சராசரி என்ற ஒன்றே இல்லை. அதனால் வகுக்கும் முன் `if count > 0:` என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். படிக்காத நாளுக்கு 0 போடுவதா, விட்டுவிடுவதா என்பது இதிலிருந்து வேறு கேள்வி: 0 போட்டால் மொத்தம் மாறாது, எண்ணிக்கை மட்டும் ஏறும், சராசரி இறங்கும். நான் 0 போடுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிய வேண்டியது ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது, படித்த நாளுக்கு எவ்வளவு என்பது இல்லை.

இப்போது புரோகிராம் சராசரியைச் சேமிப்பதே இல்லை, `total`, `count` இரண்டை மட்டும் கோப்பில் எழுதுகிறது. புது நாள் வந்தால் ஒன்றில் பக்கங்களைக் கூட்டி, மற்றதில் 1 கூட்டினால் போதும். 9 என்று பதிந்தது உண்மையில் 19 என்று தெரிந்தால் `total` இல் 10 சேர்த்தால் முடிந்தது: 73, வகுத்தால் 14.6. அடுத்து நடுமதிப்பைச் சேர்க்க வேண்டும், அதற்கு இந்த இரண்டு எண்களும் போதாது, முழுப் பட்டியலையும் கோப்பில் வைத்தாக வேண்டும்.