காடகம் என்னும் பெயர்

சிராங்கூன் சாலைக் கோயிலில் இன்று மாலை வேதபாராயணம் கேட்டுக்கொண்டிருந்தபோது, "இதை எழுதியவர் யார், அப்பா?" என்று மகள் கேட்டாள். யாருமில்லை என்பது வேதவாக்கியங்களின் பொருளை ஆராயும் மீமாம்சகரின் விடை. சொல் பொய்ப்பது சொல்பவனின் அறியாமையாலோ வஞ்சகத்தாலோதான். சொன்னவனே இல்லாத வாக்கியத்தில் அக்குற்றம் புக வழியில்லை, ஆகவே 'சொர்க்கம் விரும்புபவன் வேள்வி செய்க' என்பது தானே பிரமாணம். கடர் என்னும் முனிவரின் பெயரால் 'காடகம்' என்ற வேதப்பகுதி வழங்குகிறதே என்றால், அவர் ஓதிக் கற்பித்தவரே அன்றி இயற்றியவர் அல்லர் என்பார்கள்.

தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபின் உதயனர் இதை ஏற்கவில்லை; வேதத்தைச் சொன்னவன் ஈசுவரன் என்பது அவர் கருத்து. குற்றமின்மை போதாது, சொல்பவனிடம் மெய்யறிவும் வேண்டும்; மருத்துவ நூலை நம்புவது சொன்னவரின் தகுதியால்தானே? எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. ஆனால் வேதத்தால் ஈசுவரனையும், ஈசுவரனால் வேதத்தையும் நிறுவினால் வாதம் சுழலும் என்பதால், உலகம் என்னும் விளைவிலிருந்தே உதயனர் ஈசுவரனை அனுமானிக்கிறார்.