மாமா கடை பில்களில் படித்த இறுதிச் சரக்கிருப்பு

சிஏ பவுண்டேஷனுக்குத் தயாரான நாட்களில், மாதிரித் தேர்வு ஒன்றில் இறுதிச் சரக்கிருப்புக் கணக்கில் பாதி மதிப்பெண் போனது. ஃபைஃபோ விடை சரி. சராசரி விடை மட்டும் சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் தப்பு. எங்கே தப்பு என்று விடைத்தாளைப் பார்த்தும் புரியவில்லை. அந்த வாரம் சாத்தூரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் மாமாவிடம் மார்ச் மாதக் கொள்முதல் பில்களை வாங்கி, அதையே கணக்காகப் போட்டேன். அப்போதுதான் தெளிந்தது. இதே கணக்கில் தடுமாறுகிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

சரக்கு 15 லிட்டர் கடலை எண்ணெய் டின். மார்ச் 1 அன்று கடையில் இருந்தவை 20 டின், கூலியெல்லாம் சேர்த்து டின் 2,400 ரூபாய். 6ஆம் தேதி 50 டின், பில் விலை 2,450. 14ஆம் தேதி 60 டின், பில் விலை 2,520. அதில் 5 டின் ஒழுகியதால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பி, கிரெடிட் நோட் வாங்கியிருந்தார். 25ஆம் தேதி 30 டின், 2,600. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது இருந்தவை 45 டின்.

பில் விலையை அப்படியே எடுத்தால் அங்கேயே முதல் தப்பு. வண்டி வாடகையும் இறக்குகூலியும் இறக்கிய டின்னுக்கு 30 ரூபாய் வீதம் தனிச்சீட்டில் இருந்தன. சரக்கைக் கடைக்குள் கொண்டு வர ஆன செலவு சரக்கின் அடக்கவிலையில்தான் சேரும். ஆகவே மூன்று கொள்முதல்களும் 2,480, 2,550, 2,630 என்று மாறின. 14ஆம் தேதிக் கணக்கில் 60 அல்ல, 55 டின்தான்.

பில்லில் இருந்த 5% ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை. மாமா வழக்கமான முறையில் வரி கட்டுகிறவர், கொள்முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறார். திரும்பக் கிடைக்கிற வரி அடக்கத்தில் வராது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு அந்த வரவு கிடையாது என்பதால், அங்கே வரியும் அடக்கவிலையில் சேரும். கேள்வியில் வியாபாரி எந்த வகை என்று ஒரு வரி இருந்தால் அது சும்மா எழுதியதல்ல.

இப்போது மொத்தம்:

20 டின் × 2,400 = 48,000
50 டின் × 2,480 = 1,24,000
55 டின் × 2,550 = 1,40,250
30 டின் × 2,630 = 78,900
ஆக 155 டின், 3,91,150 ரூபாய்.

155இல் 45 மிச்சம் என்றால் வெளியே போனவை 110.

ஃபைஃபோவில் பலர் மேலிருந்து 110 டின்னைக் கழித்துக்கொண்டே வருவார்கள். நேரம் போகும், நடுவில் ஒரு எண் தவறும். முதலில் வந்தது முதலில் போனது என்றால், மிச்சம் இருப்பவை கடைசியில் வந்தவை. அதனால் கடைசி பில்லிலிருந்து பின்னோக்கி 45 வரை எண்ணினால் போதும். 25ஆம் தேதியின் 30 டின் முழுவதும், அதற்கு முந்தைய பில்லில் 15 டின். 78,900 + 38,250 = 1,17,150 ரூபாய்.

"நான் முன்னால நிக்கிற டின்னைத்தான எடுத்துக் கொடுக்கேன், அது புதுசா வந்ததுலா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே மாதிரியான, ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கக்கூடிய சரக்குக்கு ஃபைஃபோ என்பது விலை எந்த வரிசையில் வெளியேறியது என்று வைத்துக்கொள்கிற அனுமானம்தான். எந்த டின் கை மாறியது என்பதை அது கேட்பதில்லை.

அடுத்து சராசரி. நான் மதிப்பெண் இழந்த இடம் இதுதான். நான்கு விலைகளையும் கூட்டி நான்கால் வகுத்திருந்தேன். அப்படிச் செய்தால் இங்கே 2,515 வரும். 45 டின்னுக்கு 1,13,175. பார்க்க நம்பும்படியாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஆனால் அதே 2,515ஐ 155ஆல் பெருக்கினால் 3,89,825தான். வாங்கியதோ 3,91,150. 1,325 ரூபாய் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. 20 டின்னின் விலைக்கும் 55 டின்னின் விலைக்கும் ஒரே இடம் கொடுத்ததால் வந்த வினை.

நிறையிட்ட சராசரி என்றால் மொத்த ரூபாயை மொத்த டின்னால் வகுப்பது: 3,91,150 ÷ 155 = 2,523.55. வகுத்து வந்ததை முழு எண்ணாக்காமல் 45ஆல் பெருக்கினால் 1,13,560 ரூபாய். நான் இப்போது ஒவ்வொரு முறையும் இறுதிச் சரக்கையும் விற்ற சரக்கின் அடக்கத்தையும் தனித்தனியாகப் போட்டு, கூட்டினால் 3,91,150 வருகிறதா என்று பார்க்கிறேன். ஃபைஃபோவில் 2,74,000 + 1,17,150. சராசரியில் 2,77,590 + 1,13,560. இரண்டும் சரியாக வருகின்றன. விலை ஏறிக்கொண்டே போன மாதம் என்பதால் ஃபைஃபோவில் இறுதிச் சரக்கு 3,590 ரூபாய் கூடுதல், மொத்த லாபமும் அதே அளவு கூடுதல்.

சராசரியில் இன்னொரு குழப்பம் உண்டு. விற்பனைத் தேதிகள் தெரிந்தால், ஒவ்வொரு கொள்முதலுக்குப் பின்னும் புதுச் சராசரி போடும் நகரும் சராசரி முறை இருக்கிறது. மாமாவின் பில் புத்தகத்தைப் புரட்டி, 10ஆம் தேதிக்குள் 40, 18க்குள் இன்னொரு 45, 28க்குள் 25 என்று பிரித்து, அந்தந்த நாளில் மொத்தமாக வெளியே போனதாக வைத்துக்கொண்டேன். 20ம் 50ம் சேர்ந்து சராசரி 2,457.14. 40 போக மிச்சம் 30, அதோடு 55 சேர 2,517.23. 45 போக மிச்சம் 40, அதோடு 30 சேர 2,565.56. கடைசியில் நிற்கும் 45 டின்னின் மதிப்பு 1,15,450. முன்பு வந்ததைவிட 1,890 ரூபாய் அதிகம். காரணம் எளிது: 10ஆம் தேதி விற்ற டின்னின் விலையை 25ஆம் தேதி வந்த சரக்கு தொட முடியாது. மாத மொத்தச் சராசரியிலோ அது தொட்டுவிடுகிறது. ஃபைஃபோவில் இந்தத் தொல்லை இல்லை, எந்த வழியில் போட்டாலும் 1,17,150தான்.

ஆகவே கேள்வியைப் படிக்கும்போது வெளியே போனவற்றுக்குத் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொள்முதல் பில்களும் கடைசி எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் மாத மொத்தச் சராசரிதான் போட முடியும். வரவு, வழங்கல் இரண்டும் தேதிவாரியாக வந்து சரக்கேடு தயாரிக்கச் சொன்னால் நகரும் சராசரி. எதை எடுத்தோம் என்று விடையின் மேல் ஒரு வரி எழுதிவிடுவது என் பழக்கம்.

கொள்முதல் பில்லை மட்டும் வைத்துப் போடுவதில் ஒரு குறை உண்டு. மாமாவின் விற்பனை பில்களைக் கூட்டியபோது 108 டின்தான் வந்தது. நான் கழித்துக் கண்டதோ 110. கேட்டதற்கு, அத்தை வீட்டு விசேஷத்துக்கு இரண்டு டின் எடுத்துப் போனதாகச் சொன்னார். 45 டின்னின் மதிப்பு இதனால் மாறாது. ஆனால் அந்த இரண்டும் விற்ற சரக்கின் அடக்கத்தில் ஒளிந்திருந்தன. சராசரி முறையில் 5,047 ரூபாயை அங்கிருந்து எடுத்து, மாமாவின் எடுப்புக் கணக்கில் எழுதினோம்.